அரைச் சென்றிமீற்றர் விளைச்சல்

அக்கரைப்பற்றில் திரவ உரம் விற்கும் அண்ணன் ஒருவர் துண்டுப்பிரசுரத்துக்கான மாதிரி ஒன்றை அச்சடிக்க என்னிடம் கொண்டு வந்தார். அதில் இரண்டு சலாகைகள். உரம் தெளிக்காத வயலுக்கு 1 சென்றிமீற்றர், தெளித்த வயலுக்கு 3 சென்றிமீற்றர். பார்த்தவுடன் விளைச்சல் மூன்று மடங்கு என்றே தோன்றும். சலாகைகளின் மேலே இருந்த எண்களோ ஏக்கருக்கு 2000 கிலோ, 2100 கிலோ. கூடியது 5% மட்டுமே.

நிலைக்குத்து அச்சு 1950-இல் தொடங்கியிருந்ததே காரணம். ஒவ்வொரு சென்றிமீற்றரும் 50 கிலோ. சலாகையைப் பார்க்கும் கண் அதன் நீளத்தைத்தான் அளக்கிறது, அச்சில் உள்ள எண்ணை அல்ல. அடியில் 1950 கிலோவை வெட்டிவிட்டால், மிஞ்சிய 50-ஐயும் 150-ஐயும்தான் கண் ஒப்பிடும். படத்தில் 200% கூடியிருக்கிறது, தரவில் 5%. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 40. தரவுப் படங்களை ஆராய்ந்த அமெரிக்கரான எட்வர்ட் டஃப்டி 1983-இல் இந்த விகிதத்துக்குப் 'பொய்க் காரணி' என்ற பொருளில் பெயர் வைத்தார். நேர்மையான படத்தில் அது 1-ஐ ஒட்டியே இருக்கும்.

பூச்சியத்திலிருந்து, 1 சென்றிமீற்றருக்கு 200 கிலோ என்று வரைந்து காட்டினேன். ஒன்று 10 சென்றிமீற்றர், மற்றது பத்தரை.

“தம்பி, ரெண்டும் ஒரே மாதிரியெல்லோ கிடக்கு?”

“ஓம் அண்ணன், விளைஞ்சதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தானே.”

(கோட்டு வரைபுக்கு இந்த விதி இல்லை. வாவியின் நீர்மட்டம் நாளுக்கு நாள் ஏறி இறங்குவதைக் காட்ட அச்சைப் பூச்சியத்தில் தொடங்க வேண்டியதில்லை. அங்கே கண் பார்ப்பது நீளத்தை அல்ல, கோட்டின் சரிவை.)

கீழே கொட்டை எழுத்தில் ‘பதர் 50% குறைவு’ என்றும் இருந்தது. நூறு மணிகளில் 10 பதர் இருந்தது 5 ஆகியிருந்தது. கணக்குப் பிழையில்லை. ஆனால் நல்ல மணிகள் 90-இலிருந்து 95 ஆனால் கூடுவது 6 சதவீதத்துக்கும் குறைவு. இந்தச் சிறிய கூடுதலின் மறுபக்கம்தான் அந்த 50%. ‘100 மணிகளில் பதர் 10-இலிருந்து 5 ஆனது’ என்று எண்களையே அச்சிட்டால் விவசாயி தானே கணக்குப் பார்த்துக்கொள்வார்.

எனக்கு அதிகம் உறுத்தியது சலாகைகளின் அடியில் இருந்த பொடி எழுத்து. 2000 கிலோ சிறுபோகத்தில் விளைந்தது, 2100 கிலோ பெரும்போகத்தில். போகம் மாறினால் மழையும் வெயிலும் மாறும், வாய்க்கால் தண்ணீரின் அளவும் மாறும். அந்த 100 கிலோவில் உரத்தின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அச்சை எவ்வளவு ஒழுங்காக வரைந்தாலும் இந்தக் குறை தீராது.

அதற்கு வயலுக்குத்தான் திரும்பிப் போகவேண்டும். ஒரே போகம், ஒரே விதைநெல், ஒரே வயல். அதை எட்டுப் பாத்தியாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கி எடுத்த நான்கில் மட்டும் உரம் தெளிக்கவேண்டும். தெளிக்காத நான்கு பாத்திகளுக்கு இடையிலேயே ஏக்கர்க் கணக்கில் 100 கிலோ ஏறி இறங்கினால், அந்த அரைச் சென்றிமீற்றரை உரத்தின் பேரில் எழுத முடியாது.

அண்ணன் மாதிரியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். படம் இல்லாமல், உரத்தின் பெயரும் விலையும் தெளிக்கும் அளவும் மட்டும் போட்டு 500 பிரதி அடித்துக் கொடுத்தேன்.