பக்கத்துக் கட்டிலுக்கு என்ன சொல்வது?

எங்கள் பெண்கள் அறுவைச் சிகிச்சை வார்டில் இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலும், அதை ஒட்டி ஒரு ஆளும் நிற்கிற அளவுக்குத்தான் இடம். கூட இருக்கிறவர் ராத்திரி பாயை விரித்தால் பாதிப் பாய் பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். தர்மபுரி மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் பல வருடம் நர்ஸாக ராத்திரியும் பகலும் பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன்: இவ்வளவு பக்கத்தில் இருக்கிற இரண்டு குடும்பங்கள் பேசாமல் இருக்கவே முடியாது, பேசாமல் இருக்கவும் வேண்டாம். எப்படி ஆரம்பிக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல் வருகிறது.

நம் ஊரில் வணக்கம் சொல்வது என்றால் பெரும்பாலும் கேள்வி கேட்பதுதான். எதிரில் வருகிறவரிடம் ‘சாப்டீங்களா?’ என்போம். தளி, அஞ்செட்டி பக்கத்திலிருந்து வருகிற கன்னடக்காரப் பாட்டிமார்களும் ‘ஊட்டா ஆயித்தா?’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கடுத்து ‘எந்த ஊரு?’, அப்புறம் ‘உடம்புக்கு என்ன?’. தெருவில் இந்த மூன்றும் அன்பான கேள்விகள். வார்டில் மூன்றுமே வில்லங்கமானவை. எப்படி என்று ஒரே ஒரு நாள் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு அம்மா, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சர்க்கரை நோய். கால் பெருவிரல் ஓரத்தில் புண் வந்து, சீழ் வைத்து, எங்களிடம் வந்திருந்தார். செத்துப்போன சதையைச் சுரண்டி எடுத்துச் சுத்தம் செய்ய மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தியேட்டர். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடக்கூடாது என்று அவரிடமும் மகனிடமும் சொல்லிவிட்டுத்தான் போனேன். பக்கத்துக் கட்டிலில் பித்தப்பை ஆபரேஷன் முடிந்த அரூர்ப் பெண். அவருக்குத் துணையாக வந்திருந்தவர் அவருடைய பெரியம்மா. மனசார நல்லவர், கைநிறையக் கொடுக்கிறவர்.

காலை ஆறு மணிக்குப் பெரியம்மா பிளாஸ்க்கில் டீ வாங்கி வந்திருக்கிறார். பாலக்கோட்டு அம்மா தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ‘என்னம்மா, ஏதாச்சும் குடிச்சியா? வெறும் வயித்துலயா இருக்க? இந்தா’ என்று அரை டம்ளர் டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்திருக்கிறார். மகன் அப்போது பல் விளக்கப் போயிருந்தான். ‘பெரியவங்க கையில எடுத்துக் குடுக்கறப்ப எப்படிம்மா வேணாம்னு சொல்றது?’ என்று பிறகு அந்த அம்மா என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. நம் பக்கத்தில் நீட்டிய டம்ளரைத் தள்ளினால் அது மரியாதைக் குறைவு. சாப்பிட்டாயா என்று கேட்டவருக்கு ‘இல்லை’ என்று பதில் சொன்னாலே அடுத்த கை டம்ளரோடு வந்துவிடும். ஆக, கேள்வியே பாதி உபசரிப்பு.

தியேட்டர் வாசலில் மயக்க மருந்து டாக்டர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார், அம்மா உண்மையைச் சொன்னார். வெறும் தண்ணீர் என்றால் இரண்டு மணி நேரம் விட்டால் போதும். பால் சேர்த்த டீயும் பிஸ்கட்டும் சாப்பாட்டுக் கணக்கில் வரும், குறைந்தது ஆறு மணி நேரம் ஆக வேண்டும். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே எதுக்களித்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. நீண்ட நாள் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு வயிறு காலியாவதும் மெதுவாக இருக்கலாம். கால் பகுதியை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்வதாக இருந்தாலும், நடுவில் முழு மயக்கம் தேவைப்பட்டால் என்ன செய்வது என்று பார்த்துத்தான் பட்டினி போடுகிறார்கள். அன்றைக்கு லிஸ்ட் நிறைந்திருந்தது. அவருடைய முறை இரண்டு நாள் தள்ளிப்போனது. அதுவரை டிரஸ்ஸிங், சர்க்கரைக்கு ஊசி, மறுபடி ராத்திரிப் பட்டினி, மகனுக்கு இரண்டு நாள் கூலி போச்சு.

இதில் என் பங்கும் இருக்கிறது. நோயாளியிடமும் மகனிடமும் சொன்ன நான் பக்கத்துக் கட்டிலிடம் சொல்லவில்லை. கட்டிலில் ஒரு அட்டையும் மாட்டவில்லை. இப்போதெல்லாம் தமிழில் பெரிய எழுத்தில் ‘இவருக்கு ஒன்றும் தராதீர்கள்’ என்று எழுதித் தலைமாட்டில் தொங்கவிடுகிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒரு வார்த்தை வாயால் சொல்லிவிட்டும் போகிறேன்.

அன்று சாயங்காலம் நடந்ததுதான் இன்னும் மோசம். தன்னால்தான் ஆபரேஷன் நின்றுபோனது என்று பெரியம்மாவுக்கு வருத்தம். ஆறுதல் சொல்லப் போனவர் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டு, ‘உனக்கு என்னம்மா? காலா? சக்கரையா?’ என்று ஆரம்பித்து, ‘எங்க ஊர்லயும் ஒருத்தருக்கு இப்படித்தான், விரல்ல ஆரம்பிச்சு முட்டி வரைக்கும் எடுத்துட்டாங்க. நீ பயப்படாத’ என்று முடித்தார். மறுநாள் காலை அந்த அம்மா பையைக் கட்டி வைத்துவிட்டார். ‘ஊருக்கே போயிடலாம்டா’ என்று மகனிடம் ஒரே பிடிவாதம். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்.

டாக்டரைக் கூட்டிவந்து எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினோம். எலும்பு அரிக்கவில்லை, விரலையே எடுக்கப்போவதில்லை, மேல்சதையைத்தான் சுத்தம் செய்யப் போகிறோம் என்று டாக்டர் தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டி அளவு சொன்னார். அரை மணி நேரம் பிடித்தது. அப்புறம் கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் எல்லாரும் கையெழுத்துப் போடுவதில்லை. போனவர்கள் புண் மேலே ஏறிய பிறகு திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

சரி, பிறகு எப்படித்தான் பேச ஆரம்பிப்பது? என் அனுபவத்தில் சரியாக வருவது இதுதான்: கேள்வியாகக் கேட்காமல் உங்களைப் பற்றிய ஒரு செய்தியாகச் சொல்லுங்கள். ‘வணக்கங்கம்மா, நான் இந்தக் கட்டில் பாட்டியோட மக. ராத்திரி இங்கதான் கீழ படுத்துக்குவேன். போன் வெளிச்சம் கண்ணுல பட்டா சொல்லுங்க, அணைச்சிடறேன்.’ அவ்வளவுதான். இதில் நீங்கள் யார், எவ்வளவு நேரம் இருப்பீர்கள், உங்களால் என்ன தொந்தரவு வரலாம், அதை எப்படி நிறுத்துவது என்று எல்லாம் இருக்கிறது. எதிரில் படுத்திருப்பவர் பதிலுக்குத் தன் நோயையோ, ஊரையோ, வயிற்றையோ உங்களிடம் ஒப்புவிக்க வேண்டியதில்லை. தலையை அசைத்தால் போதும். பேச விரும்பினால் அவரே தொடங்குவார். பெரும்பாலும் தொடங்குகிறார்கள் என்பதும் உண்மை.

ஊர் கேட்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மாவட்டத்தில் ‘எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம், யார் வீடு?’ என்று மூன்று கேள்வி அடுக்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். தண்ணீர் டம்ளரை வாங்குவதா வேண்டாமா என்று கணக்குப் போடுகிற முகங்களை வார்டிலும் பார்த்திருக்கிறேன். படுத்த படுக்கையில் இருப்பவர் அதற்குப் பதில் சொல்லிவிட்டு எழுந்து போகவும் முடியாது.

எங்கே நின்று சொல்வது என்பதும் முக்கியம். கால்மாட்டில் நில்லுங்கள். படுத்திருப்பவர் கழுத்தைத் திருப்பாமலே உங்களைப் பார்க்க முடியும். தலைமாட்டில் போய்க் குனிந்தால் பயந்துவிடுகிறார்கள். கட்டிலில் உட்காரவே உட்காராதீர்கள். போர்வைக்குள் சிறுநீர்க் குழாய் இருக்கும், ஆபரேஷன் ஆனவருக்கு வயிற்றிலிருந்து வடிகால் குழாய் வந்து பக்கத்தில் பை தொங்கும். உட்கார்ந்து இழுபட்டால் வலிப்பது அவருக்கு. கையைப் பிடித்து ஆறுதல் சொல்வதும் அப்படித்தான், டிரிப்ஸ் ஊசி பெரும்பாலும் அந்தக் கையில்தான் இருக்கும். இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொல்கிற வழக்கம் வார்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

நேரம் என்று பார்த்தால் இரண்டு நிமிடம் தாராளம். கண்ணை மூடி மூடித் திறக்கிறார், ‘ம்’ மட்டும் வருகிறது, போர்வையை மேலே இழுக்கிறார், சுவர்ப் பக்கம் திரும்புகிறார் என்றால் அவர் போகச் சொல்கிறார் என்று அர்த்தம். பெட்பேன் வைத்திருக்கும்போதும், டிரஸ்ஸிங் பிரிக்கும்போதும், டாக்டர் நின்று பேசும்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதே வணக்கம். முடிந்தால் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுங்கள். எங்களிடம் திரைச்சீலை எல்லாக் கட்டிலுக்கும் இருப்பதில்லை, உங்கள் முதுகுதான் திரை.

பக்கத்துக் கட்டிலுக்குப் பார்வையாளர்கள் வரும்போது இன்னொரு தவறு நடக்கிறது, அதுவும் அன்பால்தான். வந்தவர்களிடம் ‘நைட்டெல்லாம் முனகிட்டே இருந்தாங்க, ரெண்டு தடவ வாந்தி’ என்று இவர் போய்ச் செய்தி வாசிப்பார். அந்த நோயாளி தன் மகளைப் பயமுறுத்த வேண்டாம் என்று ‘நல்லாருக்கேன் கண்ணு’ என்று இப்போதுதான் சொல்லியிருப்பார். வந்தவர்களுக்கு ஒரு தலையசைப்பு, ஸ்டூலை நகர்த்திக் கொடுப்பது, கூட்டமாக வந்தால் உங்கள் பக்கத்துப் பையை எடுத்து வழிவிடுவது, அவ்வளவு போதும். கட்டில் காலியாக இருந்து ‘எங்கம்மா எங்க?’ என்று பதறினால் ‘சிஸ்டர்கிட்ட கேளுங்க, அந்த மேஜையில இருக்காங்க’ என்று கை காட்டுங்கள். ஸ்கேனுக்கா, வேறு வார்டுக்கா, வேறெங்கேயுமா என்பதை நாங்கள் சொல்வதுதான் முறை. ஆனால் நோயாளிக்கு மூச்சு வாங்கினாலோ, டிரிப்ஸ் தீர்ந்தாலோ, கட்டிலிலிருந்து இறங்கத் தடுமாறினாலோ ஓடிவந்து எங்களிடம் சொல்லுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

பாலக்கோட்டு அம்மா வீட்டுக்குப் போகிற அன்று பெரியம்மா இன்னும் வார்டில்தான் இருந்தார். இரண்டு பேரும் கால்மாட்டில் நின்று கையைக் கூப்பிக்கொண்டார்கள். பழக்கதோஷத்தில் ‘போய்ட்டு வரேன்’ என்று வாயெடுத்த பாலக்கோட்டு அம்மா சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, ‘கெளம்பறேங்க்கா’ என்றார். ஆஸ்பத்திரியில் யாரும் ‘வரேன்’ சொல்ல மாட்டார்கள். ‘தோட்டத்துப் பக்கம் வா, தக்காளி தரேன்’ என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.