‘ஏற்றுக்கொண்டார்’ என்று எழுதுவதற்கு முன்

சென்ற வாரம் இருபத்தேழு வயதுப் பெண் ஒருவர் என் மேசைமேல் ஒரு காகித மடிப்பை வைத்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு காப்பர்-டி, நூல் இரண்டும் அறுபடாமல் அப்படியே இருந்தது. இரண்டு நாளுக்கு முன் குளியலறையில் தானே இழுத்து எடுத்துவிட்டதாகச் சொன்னார். அதற்கு முன் இரண்டு முறை வந்து, இதை எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். முதல் முறை “உடம்புக்குப் பழக மூன்று மாதம் ஆகும்” என்றும், இரண்டாம் முறை “இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்” என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். நல்ல வேளையாக அவருக்கு வேறு பாதிப்பு எதுவும் இல்லை. ஆனால் ஹீமோகுளோபின் 9.1 ஆக இறங்கியிருந்தது.

இப்படிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர் இவர் ஒருவர்தான். எடுக்கச் சொல்லிக் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்குக் கணக்கில்லை. அதனால்தான் பயிற்சி மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அவருடைய கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். இரண்டாவது குழந்தைக்குப் பத்து வாரம் ஆகியிருந்தபோது எழுதிய குறிப்பில் இரண்டே வாக்கியங்கள் இருந்தன: “கருத்தடை ஆலோசனை வழங்கப்பட்டது. காப்பர்-டி ஏற்றுக்கொண்டார்.” எழுதிய பயிற்சி மருத்துவர் திறமையானவர், சோம்பேறி அல்ல. அன்று என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். பலன் அதிகமுள்ள முறைகளை மேலேயும் குறைந்தவற்றைக் கீழேயும் வரிசைப்படுத்திய அட்டையை எடுத்து வைத்து மேலிருந்து தொடங்கியதாகவும், காப்பர்-டியைப் பற்றி முழுமையாக விளக்கியதாகவும், அந்தப் பெண் தலையாட்டியதாகவும் சொன்னார். “அவர் வேண்டாம் என்று சொல்லவில்லையே” என்றும் சொன்னார். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் ஐந்து நிமிடம் ஒன்றையே சிறந்தது என்று விளக்கினால், கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பவர் தலையாட்டத்தான் செய்வார். அதைச் சம்மதம் என்று எண்ணிக்கொள்ள நமக்கு வசதியாக இருக்கிறது.

என்னை அதிகம் எரிச்சலூட்டும் தவறான எண்ணம் இங்கேதான் இருக்கிறது: அதிகப் பலனுள்ள முறைதான் நல்ல முறை, ஆகவே நோயாளியை அதை நோக்கி நகர்த்துவதுதான் நல்ல மருத்துவம் என்பது. அட்டையில் உள்ள எண்கள் பொய்யல்ல. வழக்கமான பயன்பாட்டில், ஓர் ஆண்டில் நூறு பெண்களில் காப்பர்-டி வைத்திருப்பவர்களில் ஒருவருக்கும் குறைவாகவும், மாத்திரை சாப்பிடுபவர்களில் சுமார் 7 பேருக்கும், ஆணுறையை மட்டும் நம்பியிருப்பவர்களில் சுமார் 13 பேருக்கும் கருத்தரிக்கிறது. இந்த எண்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. ஆனால் அந்த அட்டை ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. இரத்தப்போக்கு எப்படி மாறும், நிறுத்தினால் எவ்வளவு சீக்கிரம் கருத்தரிக்கலாம், விட நினைத்தால் மருத்துவரின் தயவு தேவையா, வீட்டில் யாருக்காவது தெரிந்துவிடுமா என்ற எதற்கும் அதில் பதில் இல்லை. எந்த அளவு தோல்வியைத் தன்னால் தாங்க முடியும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். இந்த ஆண்டு கருத்தரித்தால் வாழ்க்கையே குலைந்துவிடும் என்பவருக்கும், வந்தாலும் சமாளித்துக்கொள்வோம் என்பவருக்கும் அந்த 7 ஒரே எண் அல்ல. மேலும், ஐந்தரை மாதத்தில் வெறுத்துப்போய் பிடுங்கி எறியப்பட்ட காப்பர்-டியின் பலன், எறிந்த நாளிலிருந்து சுழியம்.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பமும் உண்டு. உலக சுகாதார அமைப்பின் மருத்துவத் தகுதி வரையறைகளில் ஒவ்வொரு உடல்நிலைக்கும் ஒவ்வொரு முறைக்கும் 1 முதல் 4 வரை வகை தரப்பட்டிருக்கிறது. இரத்தசோகை உள்ளவர் காப்பர்-டி வைப்பது வகை 2, அதாவது பொதுவாகப் பயன்படுத்தலாம். நம் பயிற்சி மருத்துவரும் “வகை 2தானே” என்றார். இந்த முறை இவருக்கு ஆபத்தா என்பதற்குத்தான் அந்த வகை பதில் சொல்கிறது. இவருக்குப் பொருந்துமா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? பத்து வாரத்தில் அவர் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தார், மாதவிடாய் திரும்பவில்லை. அதனால் மாதவிடாயைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. முதல் குழந்தைக்கு முன்பிருந்தே அவருக்கு ஏழு நாள் இரத்தப்போக்கு, முதல் மூன்று நாள் அதிகமாக. காப்பர்-டி வைத்த முதல் சில மாதங்களில் இரத்தப்போக்கும் வலியும் கூடுவது இயல்பு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் பெண் பார்ப்பது நின்றுகொண்டே செய்யும் பொதிகட்டும் வேலை, ஒரு முறைப்பணிக்குக் கழிப்பறைக்கு இரண்டு முறைதான் போக முடியும். இது தெரியாமல் சொன்ன அந்த ‘இயல்பு’ அவர் காதில் ஏறவே இல்லை.

இந்த முறை அந்தப் பயிற்சி மருத்துவரையே பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நான் பேசினேன். அட்டையை எடுக்கவில்லை. “கருத்தடையில் உங்களுக்கு எது முக்கியம்?” என்று கேட்டேன். எதிர்பார்த்த பதில்தான் வந்தது: “எதுவானாலும் சரி டாக்டர், நீங்களே சொல்லுங்க.” பெரும்பாலான பயிற்சி மருத்துவர்கள் இதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டு தங்களுக்குப் பிடித்ததைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். மற்றொரு சாரார் நேர் எதிர்த் தவறு செய்கிறார்கள்: எட்டு முறைகளையும் கடகடவென ஒப்பித்துவிட்டு, “முடிவு உங்களுடையது” என்று கையை விரிக்கிறார்கள். அதுவும் ஆலோசனை அல்ல. இந்த இடத்தில் திறந்த கேள்வியை விட்டுவிட்டு, பதில் சொல்ல எளிதான சிறு கேள்விகளுக்கு இறங்க வேண்டும். இதற்கு முன் எதைப் பயன்படுத்தினீர்கள், அதில் எது பிடித்தது, ஏன் விட்டீர்கள்? மாதவிடாய் குறைந்தாலோ, நின்றாலோ, நாள் தவறி வந்தாலோ உங்களுக்கு எப்படி இருக்கும்? தினமும் ஒன்றை நினைவில் வைப்பது சுமையா? இன்னொரு குழந்தை வேண்டுமா, எப்போது? அதற்கு முன்பே வந்துவிட்டால்?

நான்கு நிமிடத்தில் படம் தெளிவானது. இரத்தப்போக்கு குறைய வேண்டும், எந்த நாளில் வரும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். உடலுக்குள் எதையும் வைத்துக்கொள்ள இனி மனமில்லை. அடுத்த குழந்தை மூன்று ஆண்டு கழித்து, முன்பே வந்தால் “கஷ்டம்தான், ஆனா பாத்துக்கலாம்.” முதல் குழந்தைக்கு முன் ஓராண்டு மாத்திரை சாப்பிட்டிருக்கிறார், எப்போதாவதுதான் மறந்திருக்கிறார்.

இதற்குப் பிறகுதான் முறைகளின் பேச்சு வர வேண்டும், அதுவும் அவர் சொன்னதோடு இணைத்து. கையில் வைக்கும் இம்ப்ளான்டின் பலன் மிக அதிகம், ஆனால் இரத்தப்போக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அவர் கேட்டதற்கு நேர் எதிர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசியில் முதலில் ஒழுங்கற்றுப் போகும், பின்னர் பலருக்கு நின்றே விடும், நிறுத்திய பிறகு கருத்தரிக்கப் பல மாதங்கள் ஆகலாம். ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம் இரத்தப்போக்கை நன்றாகக் குறைக்கும், ஆனால் அதுவும் உள்ளே வைப்பதுதான். கூட்டு மாத்திரையில் இரத்தப்போக்கு குறையும், நாளும் தெரியும், தினமும் நினைவில் வைக்க வேண்டும், நூறில் 7 என்ற கணக்கு உண்டு. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் மாத்திரையோ ஹார்மோன் சாதனமோ பொருந்தும் என்று தோன்றுகிறது, உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?” என்று கேட்டேன். பரிந்துரை சொல்வது தவறல்ல. அதன் காரணம் நம் விருப்பமாக இல்லாமல் அவர் வாயிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் மாத்திரையைத் தேர்ந்தெடுத்தார். பக்கத்தில் இருந்தவரின் முகம் வாடியதைக் கவனித்தேன். சரிபார்க்க வேண்டியது கொஞ்சம்தான்: இரத்த அழுத்தம் 112/74, புகைப்பழக்கம் இல்லை, கண்முன் ஒளிக்கோடுகள் தோன்றி வரும் ஒற்றைத் தலைவலி இல்லை, கால் இரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த வரலாறு இல்லை, குழந்தைக்கு எட்டு மாதம் ஆகியிருந்ததால் தாய்ப்பாலும் தடையில்லை. (மாத்திரை கொடுக்க உள்பரிசோதனை தேவையில்லை. அதை நிபந்தனையாக்கிப் பெண்களை அலைக்கழிக்காதீர்கள்.) மாதவிடாயின் நான்காம் நாள் என்பதால் அன்றே தொடங்கினார், கூடுதல் பாதுகாப்பு தேவைப்படவில்லை. இரும்புச்சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்தேன்.

அழுத்தம் தருவது என்றால் மிரட்டுவது என்று நினைக்கிறீர்கள். அப்படி மிரட்டுபவர் அரிது. ஒரு முறையின் பக்கவிளைவுகளை மட்டும் விரிவாகச் சொல்வது, “என்னிடம் வருபவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்” என்பது, பிரசவ வலியில் துடிப்பவரிடம் சாதனத்துக்குக் கையெழுத்துக் கேட்பது, மாமியாரோ கணவரோ அறையிலிருக்கும்போது அவர்களைப் பார்த்துப் பேசுவது, இவையெல்லாம் அழுத்தம்தான். ஐந்து நிமிடமாவது அவரோடு தனியாகப் பேசுங்கள், தயவுசெய்து. சிலருடைய துணைவர் கருத்தடையையே தடுப்பார், நூல் கைக்குத் தட்டுப்படுமா என்பதுகூட அவர்களுக்குப் பெரிய விஷயம். அதைக் கூட்டத்தில் சொல்ல மாட்டார்கள். “இப்போதைக்கு எதுவும் வேண்டாம்” என்பதும் ஒரு பதில்தான், அதைத் திருத்த முயலாதீர்கள்.

எடுக்கச் சொல்லிக் கேட்டால் எடுங்கள். இரத்தப்போக்கு சில மாதத்தில் குறையக்கூடும் என்பது உண்மை, வலிக்கும் இரத்தப்போக்குக்கும் மருந்து உண்டு, இதை ஒரு முறை சொல்லுங்கள். கேட்ட பிறகும் எடுங்கள் என்றால் அன்றே எடுங்கள். நூல் தெரிந்தால் இடுக்கியால் பிடித்து இழுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தைத் தர மறுத்ததால்தான் அவர் குளியலறையில் குந்தி உட்கார வேண்டியிருந்தது. எடுப்பது சுலபம், காரணம் சொல்லத் தேவையில்லை என்பதை வைக்கும்போதே சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் பாதியில் எடுத்துவிடுவார்களே என்று ஒருவர் என்னிடம் கவலைப்பட்டார். எடுத்துக்கொள்ளட்டும்.

சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், ஆலோசனை பெற்றவரிடமே கேட்பதற்கென நான்கு கேள்விகளை உருவாக்கியிருக்கிறார்கள்: என்னை மதித்தாரா, கருத்தடையில் எனக்கு எது முக்கியம் என்று சொல்லவிட்டாரா, என் விருப்பத்தைப் பொருட்படுத்தினாரா, முடிவெடுக்கப் போதிய தகவல் தந்தாரா. ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மதிப்பெண். எத்தனை பேர் சாதனம் வைத்துக்கொண்டார்கள் என்ற கேள்வி அதில் இல்லை. இந்த மாதம் முதல் எங்கள் பகுதியில் பயிற்சி மருத்துவர்களை இதை வைத்துத்தான் மதிப்பிடப்போகிறேன்.

அன்றைய குறிப்பை அந்தப் பயிற்சி மருத்துவரே எழுதினார். நான் திருத்தவில்லை: “வேலை காரணமாக இரத்தப்போக்கு குறைய வேண்டும், நாள் தெரிய வேண்டும் என்கிறார். உள்ளே வைக்கும் முறை வேண்டாம். அடுத்த குழந்தை 3 ஆண்டு கழித்து, முன்பே வந்தாலும் ஏற்பார். நூறில் 7 என்பது விளக்கப்பட்டது, மாத்திரை தேர்ந்தெடுத்தார். முன்பு காப்பர்-டியை எடுக்கக் கேட்டபோது நாங்கள் இரண்டு முறை மறுத்தோம்.”