ஒரு ரூபாய் வட்டி எப்போது ஒன்றரை ரூபாய் ஆகிறது?

மன்னார்குடி பக்கம் இருக்கும் என் சித்தப்பா, குறுவைக்கு முன்னால் பம்புசெட் மோட்டார் மாற்ற 30,000 ரூபாய் கடன் கேட்டிருந்தார். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, மூன்றே தவணை. "மூணு மாசத்துக்கு வட்டி 900, அசலோட சேர்த்து மூணால வகுத்தா 10,300, சரிதானேடா?" என்றார். கடன் கொடுப்பவரும் அதையேதான் எழுதிக் கொடுத்திருந்தார்.

வகுத்தலில் தப்பில்லை, ஆனால் இரண்டாவது மாதம் சித்தப்பா கையில் 30,000 இல்லையே! முதல் தவணையிலேயே மூன்றில் ஒரு பங்கைத் திருப்பிவிட்டார், அப்புறமும் முழுத் தொகைக்கே வட்டி கட்டுவானேன்?

நிலுவைக்கு மட்டும் வட்டி போடும் முறையில் தவணையை இப்படிப் பிடிக்கலாம். எதுவுமே கட்டாமல் விட்டால் 30,000 மூன்று மாதத்தில் 1.01 × 1.01 × 1.01 மடங்காகி, 30,909.03 ஆகும். நாம் கட்டும் பணத்துக்கும் அதே மரியாதை கொடுக்க வேண்டும். முதல் தவணையின் ஒவ்வொரு ரூபாயும் கடைசி நாளில் இரண்டு மாத வட்டியோடு 1.0201 ஆகிறது, இரண்டாவது 1.01, மூன்றாவது வெறும் 1. கூட்டினால் 3.0301. இந்த எண்ணால் 30,909.03-ஐ வகுத்தால் 10,200.66, அதுதான் தவணை. நீண்ட கடனுக்கு இப்படி ஒவ்வொன்றாகக் கூட்ட முடியாது என்பதால் அதையே சுருக்கி வைத்திருக்கிறார்கள்:

```
E = P × r × (1+r)^n / ((1+r)^n − 1)
```

P அசல், r மாத வட்டி, n மாதங்கள், E தவணை. r இடத்தில் 0.01 போட வேண்டும், 1 அல்ல. ஆண்டு வட்டி 12 சதவீதம் என்று சொன்னால் முதலில் 12-ஆல் வகுத்து மாத வட்டியாக்கிக்கொள்ளுங்கள். தெரியாமல் 1 என்றே போட்டால் தவணை 34,286 என்று வரும், வாங்கிய கடனைவிட ஒரு தவணை பெரிதாக இருந்தால் அங்கேயே புரிந்துவிடும்.

சரி பார்ப்போம். முதல் மாத வட்டி 300, மீதி 9,900.66 அசலில் கழிகிறது, நிலுவை 20,099.34. அடுத்த மாத வட்டி 200.99 தான், நிலுவை 10,099.67. மூன்றாவது மாத வட்டி 101, அதைச் சேர்த்துத் தவணையைக் கழித்தால் ஒரு பைசா மிஞ்சுகிறது, அது முழுமையாக்கியதால் வந்தது. இப்படிப் பூஜ்யத்தில் முடியாவிட்டால் கணக்கில் எங்கோ பிசகு.

மொத்த வட்டி 602 ரூபாய்தான், 900 அல்ல. 10,300 வீதம் கட்டினால் நிலுவைக் கணக்கில் அது ஏறக்குறைய ஒன்றரை ரூபாய் வட்டி. பேச்சில் மட்டும் ஒரு ரூபாய். மாதங்கள் கூடினால் இந்த இடைவெளியும் விரியும்: 60,000-ஐ 12 மாதத்தில் அடைக்க முழு அசலுக்கே ஒரு ரூபாய் வட்டி போட்டால் தவணை 5,600, நிலுவைக்குப் போட்டால் 5,331.

சித்தப்பா இந்தத் தாளை எடுத்துப்போய்ப் பேசி 10,201-க்கு முடித்தார். பைசாவை மேலே ஏற்றிக் கட்டியதால் கடைசித் தவணை 10,200-ஆகக் குறைந்தது, அந்த ஒரு ரூபாயையும் விடாமல் கேட்டு வாங்கிக்கொண்டார்.