தொடரிணைப்பும் சமாந்தர இணைப்பும்

கொழும்பில் இன்வேர்ட்டர் பொருத்துவோர், பற்றரிகளை ஒன்றோடொன்று சேர்க்கும் இரு முறைகளை ‘சீரீஸ்’, ‘பரலல்’ என்று சொல்வதை இலங்கைப் பாடநூல்கள் தொடரிணைப்பு, சமாந்தர இணைப்பு என்று எழுதுகின்றன. பின்னதைத் தமிழகத்தில் பக்க இணைப்பு என்பர். சீரீஸ் என்பது கோத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. பரலல் கிரேக்கச் சொல். ஒன்றுக்கொன்று பக்கத்தில் என்பது அதன் பொருள். சமாந்தரமோ சம இடைவெளியைக் குறிக்கும் வடசொல். செய்முறையை நேராகக் காட்டுவது ‘பக்க இணைப்பு’தான் எனினும், இங்குள்ள வாசகர் பழகிய சொல்லையே ஆள்கிறேன். ‘இணையாக இணைத்தல்’ என்பதை மட்டும் தவிர்ப்பது நல்லது. எந்த முனையை எதனோடு சேர்ப்பது என்பதை அது தெளிவாக்குவதில்லை.

12 வோல்ற்று, 150 அம்பியர் மணி கொண்ட இரு ஈய அமிலப் பற்றரிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் நேர் முனையை மற்றதன் மறை முனையோடு கோத்தால் அது தொடர்: 24 வோல்ற்று, 150 அம்பியர் மணி. நேரை நேரோடும் மறையை மறையோடும் சேர்த்தால் அது சமாந்தரம்: 12 வோல்ற்று, 300 அம்பியர் மணி. சேமிக்கும் சக்தி இரண்டிலும் ஒன்றே. எதைத் தெரிவது என்பதை இன்வேர்ட்டரின் பெயர்த்தகட்டிலுள்ள உள்ளீட்டு வோல்ற்றளவே தீர்மானிக்கும். 12 வோல்ற்று இன்வேர்ட்டருக்கு 24 வோல்ற்றைக் கொடுத்தால் அது எரிந்துபோகக்கூடும்.

கேபிளில்தான் வேறுபாடு பெரிது. 1000 வாற்று சுமைக்கு, இன்வேர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால், 12 வோல்ற்றில் ஏறக்குறைய 100 அம்பியரும் 24 வோல்ற்றில் 50 அம்பியரும் ஓடும். கேபிளில் வெப்பமாகும் இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், ஒரே கேபிளில் முன்னதன் இழப்பு பின்னதைப் போல நான்கு மடங்கு. ஆகவே குறுகிய தூரத்துக்கு முன்னதற்கு 35 சதுர மில்லிமீற்றர், பின்னதற்கு 16 சதுர மில்லிமீற்றர் செப்புக் கேபிள் பொருந்தும். புறக்கோட்டையில் வாங்கும்போது வெளியுறையின் தடிப்பைப் பார்த்து ஏமாறாமல், உள்ளிருக்கும் செப்பின் குறுக்குவெட்டைக் கேட்க வேண்டும்.

தொடரில் இரு பற்றரிகளுக்கிடையே ஒரே இணைப்புக் கேபிள் இருக்கும். முழு மின்னோட்டமும் அதனூடாகவே செல்வதால், அது பிரதான கேபிளைவிட மெல்லியதாக இருத்தலாகாது. சமாந்தரத்தில் இரு இணைப்புக் கேபிள்களும் ஒரே நீளத்திலும் ஒரே தடிப்பிலும் இருக்க வேண்டும். மேலும், இன்வேர்ட்டருக்கான நேர்க் கம்பியை ஒரு பற்றரியிலிருந்தும் மறைக் கம்பியை மற்றதிலிருந்தும் குறுக்காக எடுத்தால்தான் இரண்டும் சமமாக உழைக்கும். இரண்டையும் ஒரே பற்றரியிலிருந்து எடுத்தால், அதுவே அதிகம் உழைத்து முதலில் தளர்ந்துவிடும்.

சமாந்தரமாகச் சேர்க்குமுன் இரண்டையும் முழுமையாக மின்னேற்றி, வோல்ற்றுமானியால் அளந்து பார்க்க வேண்டும். அளவு வேறுபட்டால், சேர்த்தவுடன் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பெரும் மின்னோட்டம் பாயும். பொருத்திய பின், சுமையோடு அரை மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு முடிவிடத்துக்கு அருகிலும் கேபிளின் உறையைத் தொட்டுப் பாருங்கள். ஓரிடம் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால், அங்கே முடிவிடத்தின் இறுக்கமோ கேபிள் நுனியின் நசுக்குப் பிணைப்போ போதாது என்று பொருள்.