பத்து மில்லி கம்பியில் எம்10 மரை ஏன் பிய்ந்து வருகிறது?

பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோட்டில் 10 மில்லி பிரைட் ராடு வாங்கி மைக்ரோமீட்டரில் பிடித்துப் பாருங்கள், 9.98 என்கிற அளவில் நிற்கும். நல்ல கம்பிதான். ஆனால் அதை அப்படியே வைஸில் கட்டி எம்10 டையை ஏற்றினால் பாதியிலேயே கைப்பிடி முறுக்கிக்கொள்ளும். மரையின் உச்சி எலி கடித்தது மாதிரி பிய்ந்திருக்கும். பீன்யா பக்கத்துச் சின்ன ஷெட்டுகளில் இதற்கு முதலில் திட்டு வாங்குவது டைதான். பெரும்பாலும் குற்றம் கம்பியின் பருமனில் இருக்கிறது.

டை இரும்பை வெட்டுவதோடு நிற்பதில்லை, கொஞ்சம் பிதுக்கவும் செய்கிறது. பள்ளத்திலிருந்து நெருக்கப்படும் உலோகம் மேல்நோக்கி ஏறி மரையின் உச்சியை உயர்த்தும். கம்பி முன்பே முழு 10 மில்லி இருந்தால் அந்த உச்சிக்குப் போக இடமில்லை. டையின் பல்லிடுக்கில் அடைத்துக்கொண்டு கிழியும். அதனால் ஒரு மரையிலிருந்து அடுத்த மரைக்கு உள்ள தூரமான பிட்சில் பத்தில் ஒரு பங்கைக் கம்பியின் விட்டத்தில் கழித்துவிட வேண்டும். எம்10-க்குப் பிட்ச் 1.5, ஆக கம்பி 9.85 மில்லி. மரை போடும் நீளத்தை மட்டும் லேத்தில் ஒரு சீவு சீவினால் போதும். போல்ட்டின் வெளி விட்டம் 9.732 முதல் 9.968 வரை இருக்கலாம் என்பதுதான் சாதாரண 6g தரம், எனவே பலம் குறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

முனையை 45 டிகிரியில் சரிக்க வேண்டும். சரிவின் நுனி மரையின் அடிவிட்டத்துக்கும் கீழே, ஏறக்குறைய 8 மில்லிக்கு வரட்டும். டையில் அளவு பொறித்த பக்கம் வழக்கமாக வாய் அகன்ற பக்கம், அதுதான் கம்பியை முதலில் தொட வேண்டும். சந்தேகமாக இருந்தால் பல்லைப் பாருங்கள்: முதல் இரண்டு மூன்று பற்கள் சரிவாகத் தேய்த்திருக்கும்.

பிளவுள்ள டை என்றால், டை ஸ்டாக்கின் நடு ஸ்க்ரூவை முடுக்கி டையைக் கொஞ்சம் விரித்துவைத்துத்தான் முதல் வெட்டு. இரும்பை இன்னும் எடுக்கலாம், எடுத்ததை ஒட்டவைக்க முடியாது. இரண்டு உள்ளங்கையாலும் சமமாக அழுத்திச் சுற்ற வேண்டும். இரண்டு சுற்று ஆனதும் மூலைமட்டத்தை இரண்டு திசையில் வைத்துப் பாருங்கள். சாய்வை இப்போதே திருத்தினால் உண்டு, பிறகு டை தன் வழியிலேயே போகும். அதன்பின் அழுத்தமே வேண்டாம். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, நடுநடுவே கட்டிங் ஆயில். பின்னே திருப்பும்போது சுருள் ‘டக்’கென்று ஒடிவது கையில் தெரியும். தெரியவில்லை என்றால் சுருள் உள்ளே சேர்ந்துகொண்டிருக்கிறது.

இனி நட்டு. மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெயைத் துடைத்த பிறகுதான் போட்டுப் பார்க்க வேண்டும், பிசிறு இருந்தால் நட்டு பொய் சொல்லும். ஹாட்-டிப் கால்வனைஸ் ஆன நட்டு வேண்டாம். துத்தநாகப் பூச்சுள்ள போல்ட்டுக்காக அதன் மரையை அகலமாக வெட்டியிருப்பார்கள், எதையும் பாஸ் பண்ணிவிடும்.

விரித்து வெட்டியதால் நட்டு ஒன்றரைச் சுற்றில் நின்றுபோகும் என்று வைப்போம். நடு ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்தி, பக்கத்து இரண்டையும் சமமாகத் துளி முடுக்கி, அதே மரையில் இன்னொரு ஓட்டம். துளி என்பது நிஜமாகவே துளிதான்: மரையின் பக்கச்சரிவுகளில் அளக்கும் பிட்ச் விட்டத்துக்கு அனுமதிக்கப்பட்ட இடைவெளி 8.862 முதல் 8.994 வரை மட்டுமே. நட்டு விரலாலேயே கடைசி வரை ஓடி, ஆட்டினால் ஆடாமல் இருந்தால் சரி. முதலில் லேசாகப் போய், உள்ளே போகப்போக இறுகினால் டையை முடுக்கிப் பலனில்லை. டையின் பிட்ச் பிசகியிருக்கிறது, அல்லது கம்பி சாய்ந்து மரை கோணலாக ஏறியிருக்கிறது.

ஆனால் நட்டு ஒரு பக்கத்தைத்தான் சொல்லும். உள்ளே போனது என்றால் மரை பெரிதாக இல்லை, அவ்வளவுதான். எவ்வளவு சிறிதாகிவிட்டது என்பதை ஆட்டம்தான் காட்டும், அதுவும் தோராயமாக. கறாராக வேண்டுமானால் கோ, நோ-கோ ரிங் கேஜ் வேண்டும்.

துண்டு பிளேட்டிங்குக்குப் போகிறதா? மரையின் இரண்டு சரிவிலும் ஒட்டுகிற பூச்சு பிட்ச் விட்டத்தைத் தன் கனத்தைப்போல நான்கு மடங்கு கூட்டும். 8 மைக்ரான் துத்தநாகம் 32 மைக்ரானாகிறது. எம்10-க்கு 6g விட்டுவைத்த இடமும் சரியாக அந்த 32 மைக்ரான்தான். ஆகவே பூச்சுக்கு முன் நட்டு இறுக்கமாகப் போனால், திரும்பி வந்ததும் போகாது.