பிட்காயினுக்கு வாடகை வருகிறது என்று நினைப்பவர்களுக்கு

சிங்கப்பூரில் ஆப்ஷன்ஸ் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் நம் ஆட்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, காயின் சும்மாதானே கிடக்கிறது. அதை வைத்து மாதாமாதம் கால் விற்றால் வாடகை மாதிரி வருமாமே?"

வரும். கால் என்பது ஆப்ஷனில் ஒரு வகை, குறித்த தேதியில் குறித்த விலைக்குக் காயினை வாங்கிக்கொள்ளும் உரிமை. அந்த உரிமையை விற்றுக் காசு வாங்குகிறீர்கள். ஆனால் அந்த 'வாடகை' என்ற சொல்லில்தான் சிக்கல். வாடகைக்கு விட்ட வீடு திரும்பி வரும். இங்கே நடப்பது வேறு.

ஊரில் நிலம் விற்பதை நினைத்துப் பாருங்கள். விலை பேசி, அக்ரிமெண்ட் போட்டு, அட்வான்ஸ் வாங்குகிறீர்கள். கெடுவுக்குள் மீதிப் பணத்தோடு அவர் வந்தால், பேசிய விலைக்கே எழுதிக் கொடுக்க வேண்டும். வராவிட்டால் அட்வான்ஸ் உங்களுக்கு. இதற்கிடையில் நிலத்துக்குப் பக்கத்தில் பைபாஸ் வருகிறது என்று செய்தி வந்தால் என்ன ஆகும்? மறுநாள் காலையிலேயே அவர் பத்திரம் எழுதுபவரையும் கூட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். விலை இறங்கினால் போனையே எடுக்க மாட்டார். கையில் காயினை வைத்துக்கொண்டு கால் விற்பது, அதாவது கவர்டு கால், இதேதான். பிரீமியம் என்பது அட்வான்ஸ், ஸ்ட்ரைக் என்பது பேசிய விலை, எக்ஸ்பைரி என்பது கெடு. ஒரு வித்தியாசம், இங்கே அட்வான்ஸை விலையில் கழிக்க மாட்டார்கள், அது உங்களுக்கு உபரி.

ஆக, ஒவ்வொரு மாதமும் நீங்கள் செய்வது ஒரு விற்பனை ஒப்பந்தம். விற்கவே கூடாது என்று வைத்திருக்கும் பொருளுக்கு.

எனக்குத் தெரிந்த ஒருவரின் கணக்கைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். கப்பல் துறையில் இன்ஜினியர், 2020 வாக்கில் வாங்கிய 3 பிட்காயின் வைத்திருந்தார். பெண் படிப்புக்கு, பத்து வருஷம் தொடமாட்டேன் என்பது அவர் பேச்சு. 2024 ஏப்ரல் கடைசியில் கால் விற்கத் தொடங்கினார். முறை எளிமையானது. மாதத்தின் கடைசி வெள்ளி எக்ஸ்பைரி முடிந்ததும், அன்றைய விலைக்குச் சுமார் 15 சதவீதம் மேலே ஒரு ஸ்ட்ரைக், அடுத்த மாத எக்ஸ்பைரி, காயினுக்கு ஒரு கால் வீதம் மூன்று. மாதத்துக்கு மொத்தம் ஏறக்குறைய 0.05 காயின் கிடைத்தது.

அந்த ஆறு மாதமும் சந்தை அவருக்காகவே நடந்த மாதிரி இருந்தது. மார்ச்சில் 73,000 டாலரைத் தாண்டிய பிட்காயின், அதற்கப்புறம் அக்டோபர் வரை மேலே போவதும் கீழே வருவதுமாக ஒரே வட்டத்துக்குள் சுற்றியது. ஆகஸ்ட் 5 அன்று 50,000-க்கும் கீழே ஒரு முறை எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். ஆறு மாதமும் விற்ற கால் யாருக்கும் பயன்படாமல் காலாவதி. 0.30 காயின் கையில். அவர் அலுவலகத்தில் இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

இந்த முறை ஒரு வாரம் தள்ளி, நவம்பர் 1. விலை 70,000-க்குச் சற்றுக் கீழே. திரையில் அவர் தேர்ந்தெடுத்த வரி இது:

```
BTC-29NOV24-80000-C
```

நவம்பர் 29 எக்ஸ்பைரி, 80,000 ஸ்ட்ரைக், கால். விலை 0.018 காயின். மூன்று விற்றார், 0.054 காயின் உடனே கணக்கில் ஏறியது. டாலரில் சுமார் 3,750.

நவம்பர் 5 அமெரிக்கத் தேர்தல். அடுத்த நாளே 75,000-ஐத் தொட்டது. 10-ஆம் தேதி 80,000 தாண்டியது, 13-ஆம் தேதி 90,000. அவர் போன் செய்தது 11-ஆம் தேதி காலை. அப்போதே அந்தக் காலைத் திரும்ப வாங்க, விற்ற விலையைப் போல மூன்று மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. "0.018-க்கு விற்றதை இந்த விலைக்கு வாங்குவதா? கொஞ்சம் இறங்கட்டும் அண்ணே." இதை நான் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. ஆறு மாதம் பேசாமல் இருந்தே சம்பாதித்தவருக்கு, பேசாமல் இருப்பதுதான் திறமை என்று பழகியிருக்கும்.

இறங்கவில்லை. நவம்பர் 29, சிங்கப்பூரில் மாலை 4 மணி, நம்ம ஊர் நேரம் பகல் 1:30. டெரிபிட் போன்ற சந்தைகளில் எக்ஸ்பைரி அந்த நேரத்தில்தான். கடைசி அரை மணி நேரச் சராசரி விலையை வைத்துக் கணக்குத் தீர்ப்பார்கள். விலை 97,000 சுமார்.

இனிக் கவனமாகப் பாருங்கள், பலர் வழுக்குவது இந்த இடத்தில். காயினை அப்படியே எடுத்துக்கொண்டு 80,000 டாலரைக் கையில் கொடுப்பதில்லை. இந்த ஆப்ஷன்கள் காயினிலேயே தீர்க்கப்படுகின்றன. சந்தை விலைக்கும் ஸ்ட்ரைக்குக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைய விலையால் வகுத்து, அவ்வளவு காயினை உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

```
(97000 - 80000) / 97000 = 0.175
```

காயினுக்கு 0.175. மூன்றுக்கு 0.526. அந்த மாதம் வாங்கிய 0.054 போக, மூன்று காயின் 2.53 ஆனது. முந்தைய ஆறு மாத வருமானம் முழுவதையும் சேர்த்தாலும் 2.83. ஏழு மாதம் உட்கார்ந்து வேலை பார்த்து, தொடங்கியபோது இருந்ததைவிடக் குறைவான காயினோடு நின்றார்.

"நஷ்டம் இல்லையே, 80,000-க்கு விற்ற மாதிரிதானே?" என்று கேட்கலாம். டாலரில் பார்த்தால் உண்மைதான். நவம்பர் 1-இல் இருந்ததைவிட அவரிடம் டாலர் மதிப்பு கூடத்தான் செய்தது. ஆனால் அவர் டாலர் சேர்ப்பவர் இல்லையே, காயின் சேர்ப்பவர். 2.53 காயின் 97,000 வீதம் சுமார் 2,45,000 டாலர். நவம்பரில் ஒன்றும் செய்யாமல் தூங்கியிருந்தால் 2,91,000. 3,750 டாலர் அட்வான்ஸுக்கு விட்டுக்கொடுத்தது, அந்த அட்வான்ஸ் போகவே, சுமார் 46,000.

இது ஒரு துரதிர்ஷ்டம், அரிதாக நடப்பது என்று ஒதுக்க முடியாததற்குக் காரணம், பிட்காயின் ஏறும் விதம். வங்கி வட்டி மாதிரி மாதம் இவ்வளவு என்று அது ஏறுவதில்லை. 2024-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. அதில் பெரும்பகுதி பிப்ரவரி, மார்ச் முதல் பாதி, நவம்பர், இந்தச் சில வாரங்களுக்குள் நடந்து முடிந்துவிட்டது. மற்ற மாதங்களில் காத்திருந்ததற்கான கூலி அந்தச் சில வாரங்கள்தான். கால் விற்பவர் சலிப்பான மாதங்களை எல்லாம் தான் வைத்துக்கொண்டு, அந்த வாரங்களை மட்டும் பார்த்து விற்றுவிடுகிறார். பிரீமியம் கொழுத்திருக்கிறதே என்று ஆசைப்படுகிறோம், அந்தக் காயின் குதிக்கும் என்று தெரிந்துதான் எதிரில் இருப்பவர் அவ்வளவு கொடுக்கிறார்.

இறக்கத்தில் இது காப்பாற்றுமா? பிரீமியம் அளவுக்கு மட்டும். 2022 ஜூன் ஒரே மாதத்தில் விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது. இரண்டு சதவீத அட்வான்ஸ் அதில் எந்த மூலைக்கு?

அதைவிட மோசமானது இறங்கிய பிறகு நடப்பது. விலை பாதியானதும் பழைய ஸ்ட்ரைக்குக்குச் சல்லிக்காசு தேறாது. வருமானம் பழகிப்போன கை, ஸ்ட்ரைக்கையும் கீழே இறக்கும். 2022 டிசம்பர் கடைசியில் பிட்காயின் 16,500 பக்கம் கிடந்தது. அப்போது 19,000 ஸ்ட்ரைக்கில் ஜனவரிக் கால் விற்றவர்கள் இருந்தார்கள், 40,000-க்கு வாங்கிய காயினை வைத்துக்கொண்டு. ஜனவரி கடைசியில் விலை 23,000. 40,000-இலிருந்து இறங்கிய வழி முழுவதும் கூடவே வந்தார்கள், ஏறும்போது 19,000-இல் இறக்கிவிடப்பட்டார்கள். கவர்டு கால் விற்பதும், காசை வைத்துக்கொண்டு அதே ஸ்ட்ரைக்கில் புட், அதாவது அந்த விலைக்கு நம் தலையில் காயினைக் கட்டும் உரிமை, விற்பதும் கணக்குப்படி ஒன்றுதான் என்று புத்தகத்தில் படிப்போம். அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் உறைக்கும்.

சில எக்ஸ்சேஞ்சுகளில் ஆப்ஷன் என்ற வார்த்தையே இல்லாமல் 'டூயல் இன்வெஸ்ட்மென்ட்' என்ற பெயரில் இதையே விற்கிறார்கள். காயினைப் போடுங்கள், இலக்கு விலையைத் தேர்ந்தெடுங்கள், வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அந்தத் தேதியில் விலை இலக்குக்கு மேலே இருந்தால் காயினுக்குப் பதில் டாலரோடு கட்டிய ஸ்டேபிள்காயின் வரும். கவர்டு காலேதான். 'வருஷத்துக்கு 21 சதவீதம்' என்றால் பெரும்பாலும் ஒரு மாதப் பிரீமியத்தைப் பன்னிரண்டால் பெருக்கியிருப்பார்கள். பன்னிரண்டு மாதமும் காயின் அசையாமல் இருக்கும் என்ற அனுமானம் அந்தப் பெருக்கலுக்குள் ஒளிந்திருக்கிறது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தலைவலி. அங்கே 2022 ஏப்ரல் முதல் காயின் கைமாற்றத்தில் வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் செஸ். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது, அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஆறு மாதப் பிரீமியம் வருமானமாகவும், ஏழாம் மாதம் கொடுத்த காயின் கழிக்க முடியாத நஷ்டமாகவும் போய் நிற்கலாம். விற்கும் முன்பே ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நானே சிலருக்கு இதைச் சிபாரிசு செய்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி கேட்பேன். "இந்த விலைக்கு விற்றுவிடு என்று இப்போதே ஒரு லிமிட் ஆர்டர் போட்டு வைக்கச் சொன்னால், போடுவீர்களா?" போடுவேன் என்றால் தாராளமாகக் கால் விற்கலாம். எப்படியும் விற்கப் போகிற விலைக்கு அட்வான்ஸ் கிடைப்பது நல்லதுதானே. போடமாட்டேன் என்றால், அதே விலையில் கால் விற்பதற்கும் காரணம் இல்லை. அப்புறம் வரவு செலவைக் காயினில் எழுதச் சொல்வேன். டாலரில் எழுதினால் ஏறும் சந்தையில் எல்லாமே லாபமாகத்தான் தெரியும்.

நவம்பர் 29 சாயங்காலமே நம் இன்ஜினியர் மறுபடி அழைத்தார். போன காயினை மீட்க வேண்டுமாம். டிசம்பர் 27 எக்ஸ்பைரி, 1,00,000 ஸ்ட்ரைக், பிரீமியம் நன்றாகக் கொழுத்திருக்கிறது, மூன்று காயினுக்கும் போடட்டுமா என்றார். இப்போது எல்லாம் சேர்த்தும் 2.83 தான் இருக்கிறது, மூன்று விற்றால் மூன்றாவது காலில் ஒரு பகுதி எதிரே காயின் இல்லாமல் அம்மணமாக நிற்கும் என்று முதலில் அதை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. பிறகு அந்த லிமிட் ஆர்டர் கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஒரு லட்சத்துக்கா? விற்க மாட்டேன் அண்ணே."

"எவ்வளவுக்கு விற்பீர்கள்?"

வீட்டுக் கடனில் எவ்வளவு பாக்கி என்று மனைவியிடம் கேட்டுவிட்டு வந்தார். 1,20,000-க்கு ஒரு காயின் போனால் அதை அடைத்துவிடலாம் என்றார். ஒரே ஒரு கால், 1,20,000 ஸ்ட்ரைக். பிரீமியம் முன்பு வாங்கியதில் பக்கத்தில்கூட வராது என்று குறைப்பட்டுக்கொண்டே விற்றார். மீதிக் காயினை ஹார்டுவேர் வாலட்டுக்கு மாற்றி, அதைப் பெண்ணின் பள்ளிச் சான்றிதழ் ஃபைலில் வைத்திருக்கிறார்.