மைனஸ் பத்தில் உறையும் நீர்: ஒரு என்ட்ரோபி விடையைச் சரிபார்ப்பது எப்படி?

விடைத்தாள் திருத்தும்போது சில கேள்விகளுக்கு மட்டும் நான் மெதுவாகத்தான் போவேன். அதில் ஒன்று இது: "−10 டிகிரி செல்சியஸிலும் உறையாமல் திரவமாகவே இருக்கும் 1 கிலோ நீர், அதே −10 டிகிரியில் உள்ள சுற்றுப்புறத்தில் பனிக்கட்டியாக உறைகிறது. என்ட்ரோபி மாற்றத்தைக் கணக்கிட்டு, இது தன்னிச்சையாக நடக்குமா என்று கூறுக."

போன பருவத்தில் ஒரு மாணவி கணக்கை அழகாகப் போட்டு, நீரின் என்ட்ரோபி மாற்றம் −1145 ஜூல்/கெல்வின் என்று கொண்டுவந்திருந்தாள். எண் சரி. ஆனால் அதற்குக் கீழே, "என்ட்ரோபி குறைகிறது. இரண்டாம் விதிப்படி குறையக் கூடாது. ஆகவே இந்த நிகழ்வு நடக்காது" என்று எழுதி முடித்துவிட்டாள். அதே கட்டில் இன்னொரு தாள். அதிலும் 1145தான். ஆனால் மைனஸ் குறியின் மேல் செங்குத்தாக ஒரு கோடு இழுத்துப் பிளஸ் ஆக்கியிருந்தது. மை அந்த இடத்தில் மட்டும் தடித்திருந்தது. பக்கத்தில் காரணம்: "தனித்த அமைப்பின் என்ட்ரோபி எப்போதும் கூடும்."

இரண்டு பேருக்கும் சறுக்கிய இடம் ஒன்றே. விதி நினைவில் இருக்கிறது; அது யாருடைய என்ட்ரோபியைப் பற்றிப் பேசுகிறது என்பது நினைவில் இல்லை. இந்தக் கணக்கில் நீர் தனித்த அமைப்பே கிடையாது. உறையும்போது அது வெப்பத்தைச் சுற்றுப்புறத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. வெப்பத்தை வெளியே விடும் பொருளின் என்ட்ரோபி குறையத் தாராளமாக இடம் உண்டு. விதி கேட்பது நீரையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்த கூட்டுத்தொகையை.

சரி, கணக்கை ஒருமுறை முழுதாகப் போட்டுவிடலாம். −10 டிகிரியில் நீர் உறைவது மீளா நிகழ்வு. அதன் வெப்பத்தை நேரடியாக வெப்பநிலையால் வகுத்து நீரின் என்ட்ரோபி மாற்றத்தைப் பெற முடியாது. அதனால் அதே தொடக்கத்திலிருந்து அதே முடிவுக்கு ஒரு மீள் வழியைக் கற்பனை செய்கிறோம்: நீரை 0 டிகிரிக்கு மெல்லச் சூடாக்குகிறோம், அங்கே உறைய வைக்கிறோம், பிறகு பனிக்கட்டியை −10க்குக் குளிர்விக்கிறோம். நீரின் தன்வெப்பம் கிலோவுக்கு 4180, பனிக்கட்டிக்கு 2090, உறைதலின் உள்ளுறை வெப்பம் 334000 ஜூல் என்று எடுத்துக்கொள்வோம்.

```
நீர் 263 → 273 K      :  4180 × ln(273/263)  =  +156
0 டிகிரியில் உறைதல்    : −334000 / 273        = −1223
பனி 273 → 263 K       : −2090 × ln(273/263)  =   −78
நீரின் ΔS                                    = −1145 J/K

வெளியேறும் வெப்பம்     : 334000 + 20900 − 41800 = 313100 J
சுற்றுப்புறத்தின் ΔS   : 313100 / 263         = +1190
மொத்தம்                                      =   +45 J/K
```

மொத்தம் பிளஸ் 45. ஆகவே நடக்கும். நீரின் என்ட்ரோபி ஆயிரத்துக்கு மேல் குறைந்தும் நடக்கும். அந்த மாணவி இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தால் முழு மதிப்பெண்.

இந்த இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம் சிறியது என்பதைக் கவனியுங்கள். ஆபத்து அங்கேதான். சுற்றுப்புறத்தின் வரியில் 263க்குப் பதிலாக 273 ஆல் வகுத்தால் 1147 வரும். மொத்தம் 45 என்பதற்குப் பதிலாக ஒன்றோ இரண்டோ ஆகிவிடும். குறி பிளஸ்தான், முடிவும் "நடக்கும்"தான். அதனால் திருத்துகிறவரும் டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார். நானே அப்படிப் போயிருக்கிறேன். ஆனால் −10 டிகிரியில் நடக்கும் ஒரு நிகழ்வு ஏறக்குறைய மீள் நிகழ்வு என்று அந்த விடை சொல்கிறது. அது பெரிய பிழை. கற்பனை வழி நீருக்கு மட்டும்தான். சுற்றுப்புறம் நிஜத்தில் எந்த வெப்பநிலையில் இருந்து வெப்பத்தை வாங்கியதோ அதே வெப்பநிலையால்தான் வகுக்க வேண்டும்.

இப்போது திசைக்கு வருவோம். திசை தலைகீழாகிவிட்டதா என்று பார்க்க, பெரும்பாலானோர் விடையின் குறியை மட்டும் பார்க்கிறார்கள். அது போதாது. குறி மாற்றிய அந்த இரண்டாவது மாணவரையே எடுத்துக்கொள்ளுங்கள். நீருக்கு +1145 என்று ஆக்கிவிட்டு, சுற்றுப்புறத்துக்குச் சரியாகவே +1190 போட்டு, மொத்தம் +2335 என்று முடித்திருந்தால்? பிளஸ்தான் வந்திருக்கிறது. "நடக்கும்" என்ற முடிவும் சரிதான். உருகுதலுக்குத் திருப்பிப் போட்டாலும் −2335 வரும், "நடக்காது" என்று சரியாகவே சொல்லும். பிழை எங்கேயும் தலை காட்டாது.

அதைப் பிடிக்க நான் செய்வது இதுதான்: அதே கணக்கை 0 டிகிரிக்குக் கொண்டுபோகிறேன். நீரும் 0, சுற்றுப்புறமும் 0. அங்கே நீரும் பனிக்கட்டியும் சமநிலையில் இருக்கும், எந்தப் பக்கமும் சாயாது. ஆகவே மொத்தம் பூஜ்யமாக வேண்டும். சரியான முறையில் நீருக்கு −1223, சுற்றுப்புறத்துக்கு +1223, மொத்தம் பூஜ்யம். குறி மாற்றிய முறையில் இரண்டும் பிளஸாகி 2446 வந்து நிற்கும். 0 டிகிரியில், 0 டிகிரிச் சுற்றுப்புறத்தில் இவ்வளவு என்ட்ரோபி உண்டாக முடியாது. அரை நிமிட வேலை இது, மனக்கணக்கிலேயே போடலாம்.

திசை நிஜமாகவே தலைகீழான விடை வேறு மாதிரி இருக்கும். அதில் உறைதல் வெப்பத்தை உள்ளே வாங்குகிறது என்று தொடங்கியிருப்பார்கள். உறைவது குளிர்ச்சியோடு மனதில் சேர்ந்து இருப்பதால் வரும் தடுமாற்றம் இது. அப்போது நீருக்கு +1145, சுற்றுப்புறத்துக்கு −1190, மொத்தம் −45, முடிவு, "உறையாது". இந்தப் பிழை 0 டிகிரிச் சோதனையில் மாட்டாது. அங்கேயும் பூஜ்யமே வரும். இதற்கு வேறு கேள்வி வேண்டும். இந்த விடையை நம்பினால், −10 டிகிரி அறையில் பனிக்கட்டி தானாக உருக வேண்டும். உங்கள் ஃப்ரீசரில் ஐஸ் தட்டு அப்படி உருகுகிறதா? இல்லையே. அப்படியானால் எண்ணை விட்டுவிட்டு, வெப்பம் எந்தப் பக்கம் போகிறது என்ற முதல் வரியைப் பாருங்கள். பிழை அங்கே இருக்கும்.

ஆக, இரண்டு சோதனையும் தேவை. ஒன்றில் தப்புவது மற்றதில் மாட்டும்.

அப்புறம் அந்தத் தனித்த அமைப்பு. இந்தச் சொல்லை வைத்து வரும் தவறான வாக்கியங்களில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இது: "உறைதலில் ஒழுங்கு கூடுகிறது, ஒழுங்கு கூடினால் என்ட்ரோபி குறையும், ஆகவே தனித்த அமைப்பில் உறைதல் நடக்காது." கேட்கத் தர்க்கமாகவே இருக்கிறது. நல்ல மாணவர்களும் எழுதுகிறார்கள்.

நிஜமாகவே தனிமைப்படுத்திப் பார்க்கலாம். அதே −10 டிகிரி நீர், 1 கிலோ, வெப்பமே கசியாத நல்ல ஃப்ளாஸ்க்கில். ஒரு தட்டு தட்டி உறைதலைத் தொடங்கி வைக்கிறோம். இப்போது உறையும் பகுதி விடும் வெப்பம் எங்கே போகும்? வெளியே வழியில்லை. மீதி நீரையே சூடாக்கும். எல்லாம் 0 டிகிரிக்கு வந்ததும் உறைதல் நின்றுவிடும். முழுவதையும் 10 டிகிரி ஏற்ற 41800 ஜூல் வேண்டும். ஒரு கிலோ உறைந்தால் 334000 கிடைக்கும். வகுத்தால் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 125 கிராம் மட்டும் பனிக்கட்டி. என்ட்ரோபி மாற்றம்: சூடானதால் +156, உறைந்ததால் −41800/273, அதாவது −153. நிகரம் ஏறக்குறைய +2.9 ஜூல்/கெல்வின்.

கூடிவிட்டது. பனிக்கட்டி உண்டானது, அமைப்பு தனித்தது, என்ட்ரோபி கூடியது; மூன்றும் ஒன்றாக. பனிக்கட்டியை மட்டும் பார்த்து ஒழுங்கு என்று சொன்னவர்கள், மீதி 875 கிராம் நீர் சூடானதைக் கணக்கில் எடுக்கவில்லை. (பனி விரிந்து வெளிக்காற்றைத் தள்ளும் வேலை ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். 125 கிராமுக்கு அது ஏறக்குறைய 1 ஜூல். 41800க்கு முன்னால் அதை விட்டுவிடலாம்.)

ஃப்ரீசரில் அசையாமல் வைத்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தட்டியவர்கள் இதைக் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். மேலிருந்து கீழே வெள்ளை ஊசிகள் சில விநாடிகளில் ஓடிப் பரவும். பாட்டில் கல்லாகாது, அமுக்கினால் கூழ் மாதிரி நசுங்கும். நடப்பது அத்தனை வேகம் என்பதால் வெப்பம் வெளியேற நேரமில்லை, அந்த விநாடிகளில் பாட்டில் கிட்டத்தட்டத் தனித்த அமைப்புதான். மீண்டும் ஃப்ரீசரில் வைத்தால் மெதுவாக வெப்பத்தை விட்டு முழுதும் இறுகும். அப்போது அது மூடிய அமைப்பு: பொருள் வெளியேறவில்லை, ஆற்றல் வெளியேறுகிறது. 'மூடிய', 'தனித்த' இரண்டையும் ஒன்றாக எழுதும் மாணவர்களுக்கு இப்போதெல்லாம் இந்தப் பாட்டிலைத்தான் காட்டுகிறேன்.

"எப்போதும் கூடும்" என்ற சொல்லையும் நான் விடுவதில்லை. அந்த ஃப்ளாஸ்க்கில் எல்லாம் 0 டிகிரிக்கு வந்து அடங்கிய பிறகு, நாளெல்லாம் வைத்திருந்தாலும் என்ட்ரோபி கூடாது; அப்படியே நிற்கும். விதி சொல்வது தனித்த அமைப்பின் என்ட்ரோபி குறையாது என்பது. கிளாசியஸ் 1865இல் என்ட்ரோபி என்ற பெயரைக் கொடுத்தபோது, பிரபஞ்சத்தின் என்ட்ரோபி ஒரு உச்சத்தை நோக்கிப் போகிறது என்றுதான் எழுதினார். உச்சத்தைத் தொட்டால் அதற்கு மேல் ஏற இடமில்லை.

இந்த வருடம் அதே கேள்வியை மீண்டும் வைத்தேன். கீழே இரண்டு வரி மட்டும் சேர்த்தேன்: "நீருக்கும் சுற்றுப்புறத்துக்கும் தனித்தனியே எழுதுக. விடையை 0 டிகிரிக்குப் போட்டுக் காட்டுக." வந்த தாள்களில் ஒன்றில், முதலில் 2335 என்று எழுதி, 0 டிகிரிக்கு 2446 என்று வந்ததும் பக்கம் முழுக்க ஒரு குறுக்குக் கோடு போட்டு அடித்திருந்தது. அடுத்த பக்கத்தில் புதிதாகத் தொடங்கி, 45.